புகை குறைகிறதா, இடம் மாறுகிறதா?

பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரி வளாகத்திலும் கடற்கரையிலும் புகை பிடிக்கலாகாது என்று தடை விதிப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாகி வருகிறது. இத்தகைய தடையைப் பற்றிப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச்சு எழுந்தால், கூடவே ஓர் ஐயமும் எழுவது இயல்பு. “நிழற்குடையில் பிடிக்காதவர் டீக்கடை வாசலில் போய்ப் பிடிக்கிறார்; அங்கும் தடுத்தால் வீட்டுத் திண்ணையில் பிடிப்பார். பீடி குறையவில்லையே, இடம்தானே மாறிற்று?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்பார். இக்கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது. புகை நிழற்குடையிலிருந்து வீட்டுக்குள் போய்ச் சேருமானால், வழிப்போக்கரைக் காக்க வந்த தடை குழந்தைகளுக்குத் தீங்காக முடியும் அன்றோ? ஆதலின், தடையினால் உண்மையில் விளைவது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 4 ஆவது பிரிவு, பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடை செய்கிறது. மத்தியச் சட்டப்படி இதற்கான அபராதம் 200 ரூபாய் வரையாகும். ஆஸ்பத்திரிக் கட்டிடங்கள், அரசாங்க அலுவலகங்கள், பள்ளிகள், உணவு விடுதிகள், பொது வாகனங்கள் முதலியவற்றைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பஸ் நிறுத்தம் திறந்த வெளி ஆயிற்றே, அதற்குத் தடை உண்டா என்ற கேள்விக்கு விதிகள் விடை தருகின்றன. 2008 அக்டோபர் 2 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள் ரயில் நிலையம், விளையாட்டரங்கம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றையும் தடைக்குள் கொண்டுவந்தன. கடற்கரை மட்டும் சட்டத்திலோ விதிகளிலோ பெயரிட்டுக் கூறப்படவில்லை.

இவ்விதிகளில் பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தடை உள்ள இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்று புகை பிடிக்கத் துணை செய்யும் பொருள் எதுவும் வைக்கப்படலாகாது என்று அவை கூறுகின்றன. பெட்டிக் கடை ஓரத்தில் கனன்றுகொண்டு தொங்கும் கயிற்றை நாம் அனைவரும் அறிவோம். அக்கயிறு பஸ் நிறுத்தத்தின் எல்லைக்குள் தொங்குமாயின், அறிவிப்புப் பலகை ஒன்று சொல்ல, கயிறு வேறொன்று சொல்லும். புகை பிடிப்பவர் கயிற்றின் சொல்லையே கேட்பார்.

இடம் மாறுவது ஏன், குறைவது ஏன்?

புகையிலுள்ள நிக்கோடின் என்னும் பொருள் புகையை உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே மூளையைச் சென்றடைகிறது. பின்னர் இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அளவு குறையக் குறைய, அடுத்ததைப் பற்றவைக்க வேண்டும் என்னும் தவிப்பு உண்டாகிறது. பழக்கம் வேரூன்றியவர் ஒரு மணிக்கொரு முறையோ அதற்கும் குறைந்த இடைவெளியிலோ பீடியைத் தேடுவது இதனாலேயாகும். இத்துடன் இடத்தின் தூண்டுதலும் சேர்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருத்தல், டீ குடித்தல், களத்து வேலைக்கிடையே இளைப்பாறுதல் ஆகிய ஒவ்வொன்றும் பீடியை நினைவூட்டும் வேளைகளே.

இப்போது இரண்டு தடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் பத்து நிமிடம் நிற்கிறார். அங்குத் தடை இருந்தால், இருபது அடி நகர்ந்து மரத்தடியில் பிடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். தடை அவருக்கு விதித்த சிரமம் இருபது அடிதான். மற்றொருவர் ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் வேலை செய்கிறார். கட்டிடம் முழுவதும் தடை உள்ளது. ஒவ்வொரு முறையும் மாடியிலிருந்து இறங்கி, வாயிலைக் கடந்து போய் வரவேண்டும். மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். எட்டு முறை பிடித்தவர் இரண்டு முறையே பிடிக்கிறார். நாள் செல்லச் செல்ல அந்த எட்டு மணி நேரத்தைப் புகையின்றிக் கழிக்க அவர் உடல் பழகிவிடுகிறது.

ஆகவே, தடை நாளின் பெரும்பகுதியை உள்ளடக்கி, தாண்டிச் செல்ல நேரமும் தூரமும் செலவாகும்படி இருந்தால் புகை குறையும். தடை சிறு நேரத்துக்குரியதாகவும் அதன் எல்லை நாலடி தள்ளியும் இருந்தால் புகை இடம் மாறும்.

இதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் வேலைத்தலங்களைப் பற்றி நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய முடிவு 2002 இல் வெளியாயிற்று. முழுத் தடை உள்ள வேலைத்தலங்களில் புகை பிடிப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர் குறைந்திருந்தனர். தொடர்ந்து பிடித்தவர்களும் நாளொன்றுக்கு மூன்று சிகரெட் குறைவாகவே பிடித்தனர். வேலைத்தலத்தில் இழந்ததை மாலையில் வீட்டில் முழுவதும் ஈடு செய்திருந்தால், நாள் கணக்கில் இக்குறைவு தோன்றியிராது.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் 1990 களின் தொடக்கத்தில் கட்டிடம் முழுவதும் தடை பரவிற்று. தடை வந்து ஐந்தாண்டு ஆன ஆஸ்பத்திரிகளின் ஊழியரையும், அதே ஊர்களில் தடையற்ற இடங்களில் வேலை செய்தோரையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். புகை பிடித்து வந்தவர்களில் அப்பழக்கத்தை விட்டவர்கள் ஆஸ்பத்திரி ஊழியரிடையே நூற்றுக்குச் சுமார் 50 பேர். மற்றவரிடையே சுமார் 38 பேர்.

வீட்டுக்குள் போய்விடுமா?

இடம் மாறுவதில் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது, புகை வீட்டுக்குள் நுழைவதேயாகும். இதைத் தெளிவாக அளந்து பார்த்த நாடு ஸ்காட்லாந்து. அங்கு 2006 மார்ச் 26 ஆம் நாள் கூரையும் சுவரும் உள்ள எல்லாப் பொது இடங்களிலும் தடை வந்தது. தந்தைமார் மதுக்கடையில் பிடித்த சிகரெட்டை இனி வீட்டில் பிடிப்பர், குழந்தைகள் துன்புறுவர் என்று பலர் எச்சரித்தனர்.

இவ்வெச்சரிக்கை மெய்யா என்பதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருந்தது. பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவரின் உடலில் நிக்கோடின் சிதைந்து கோட்டினின் என்னும் பொருளாகிறது. உமிழ்நீரில் அதன் அளவைக் கண்டறியலாம். பதினொரு வயதையொத்த பள்ளிப் பிள்ளைகளின் உமிழ்நீர், தடைக்கு முன்னும் ஓராண்டுக்குப் பின்னும் சோதிக்கப்பட்டது. கோட்டினின் அளவு ஏறவில்லை. நூற்றுக்கு 39 வீதம் இறங்கியிருந்தது.

இதில் ஒரு வரம்பையும் நாம் மறைக்கலாகாது. பெற்றோர் இருவருமே புகை பிடிக்காத வீடுகளிலும், தந்தை மட்டும் பிடிக்கும் வீடுகளிலும் இறக்கம் மிகுதி. தாய் பிடிக்கும் வீடுகளில் குறிப்பிடத்தக்க இறக்கம் இல்லை. அதாவது, தடை புகையை வீட்டுக்குள் தள்ளவில்லை. ஆயினும் ஏற்கெனவே புகை நிறைந்த வீட்டை அது தூய்மையாக்கவும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கும் இவ்வாறே பேசுகிறது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் 2009-10 இல் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 14 பேர் புகை பிடித்தனர். 2016-17 இல் இத்தொகை ஏறத்தாழ 11 ஆயிற்று. வீட்டில் பிறர் புகையைச் சுவாசிப்போர் முன்னதில் நூற்றுக்கு 52 பேர். பின்னதில் 39 பேர். பொது இடத்தில் தடை இருந்த இவ்வாண்டுகளில் வீட்டுப் புகை ஏறவில்லை, இறங்கிற்று என்பது இதனால் புலனாகிறது. 2009-10 ஆம் ஆண்டுக் கணக்கிலேயே வேறொரு செய்தியும் உண்டு. புகையற்ற வேலைத்தலத்தில் பணிபுரிந்தோரில் நூற்றுக்கு 64 பேரின் வீடுகளும் புகையற்றவையாக இருந்தன; மற்றவரில் 42 பேரின் வீடுகளே அவ்வாறிருந்தன.

எனினும், இவ்விறக்கம் முழுவதையும் தடையின் கணக்கில் எழுதிவிடலாகாது. அதே காலத்தில் வரி உயர்ந்தது. புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. மேலும், கட்டிடத்துக்குள் வேலை செய்வோரில் பிறர் புகையைச் சுவாசித்தோர் இரண்டு கணக்குகளிலும் நூற்றுக்கு 30 பேராகவே இருந்தனர். சட்டம் ஏட்டில் இருந்தும் வேலைத்தலத்தை எட்டவில்லை என்பதற்கு இதுவே சான்று.

எங்கே மாறுகிறது என்பதே கேள்வி

புகையின் அளவு குறையாமல் இடம் மட்டும் மாறினாலும் அது வீண் என்று முடிவு கட்டலாகாது. எங்கிருந்து எங்கே மாறிற்று என்று பார்க்க வேண்டும். 2007 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, திறந்த வெளியில் எரியும் சிகரெட்டின் புகையைக் கருவி கொண்டு அளந்தது. காற்று வீசும் பக்கத்தில் ஒன்றரை அடித் தொலைவில் நிற்பவருக்கு, மூடிய அறையில் இருப்பதற்கு ஒப்பான அளவு புகை சென்றடைகிறது. ஆறேழு அடி தள்ளிச் சென்றால் அது பெரிதும் குறைந்துவிடுகிறது. சிகரெட்டை அணைத்தவுடன் வெளியிலுள்ள புகை உடனே கலைந்து போகிறது. ஆகவே, நோயாளி நுழையும் வாயிலிலிருந்து ஐம்பது அடி தள்ளிப் புகை நகர்ந்தால், ஒரு சிகரெட்டும் குறையாவிட்டாலும் நோயாளிக்கு நன்மையே. நிழற்குடையிலிருந்து, பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கும் கடை வாசலுக்கு நகர்ந்தால் அது கேடேயாகும்.

ஸ்காட்லாந்தின் ஆஸ்பத்திரிகள் இந்த உண்மையைப் பட்டறிந்து கற்றன. 2015 முதல் அரசாங்க ஆஸ்பத்திரி வளாகம் முழுவதும் புகையற்றது என்று விதி செய்யப்பட்டது. அது நிர்வாக விதியேயன்றித் தண்டனைக்குரிய சட்டமன்று. பலகை இருந்தும் வாசற்படியில் புகை பிடிப்பது நிற்கவில்லை. பின்னர் 2022 செப்டம்பர் 5 முதல் ஆஸ்பத்திரிக் கட்டிடத்திலிருந்து 15 மீட்டருக்குள் புகை பிடிப்பது சட்டப்படி குற்றமாயிற்று. உடனடி அபராதம் 50 பவுன். வழக்கு நீதிமன்றம் சென்றால் 1000 பவுன் வரை செலுத்த நேரும். வளாகம் முழுவதும் என்று விரித்துக் கூறிய விதியினும், வாசலிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளந்து கூறிய சட்டத்தைக் காவல் செய்வது எளிது. எல்லை எங்கே உள்ளது என்று புகை பிடிப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

பிரான்சு நாடு 2025 ஜூன் இறுதியில் கடற்கரை, பூங்கா, பஸ் நிழற்குடை, பள்ளியைச் சூழ்ந்த இடம் ஆகியவற்றில் தடை விதித்தது. அபராதம் 135 யூரோ. ஆனால் சிற்றுண்டிக் கடைகளின் வெளித் தாழ்வாரம் தடையிலிருந்து விலக்கப்பட்டது. நிழற்குடையில் நிற்பவருக்குப் பக்கத்துக் கடைத் தாழ்வாரம் திறந்தே இருக்கிறது. புகை எந்தப் பக்கம் நகரும் என்பதை இவ்விலக்கே சொல்லிவிடுகிறது. நம் ஊர் டீக்கடை வாசலின் கதையும் இதுவே.

கடற்கரையின் நிலை சற்று வேறு. கடற்காற்றில் புகை விரைவில் கலைந்துவிடும். அங்கே பெரிய தொல்லை மணலில் புதையும் சிகரெட் துண்டாகும். சிகரெட்டின் நுனியில் உள்ள வடிகட்டி பஞ்சு போலத் தோன்றினும், அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக், எளிதில் மக்காது. நியூயார்க் நகரம் 2011 மே மாதம் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் தடை விதித்ததற்கு இக்குப்பையும் ஒரு காரணம். பீடி இலையில் சுருட்டப்படுவது. அதில் வடிகட்டி இல்லை. எனவே, கடற்கரைத் தடையின் பயனைப் புகைப்போர் தொகையைக் கொண்டு அளப்பதை விட, மணலில் கிடக்கும் துண்டுகளைக் கொண்டு அளப்பதே பொருந்தும்.

நம் ஊரில் கண்டறியும் முறை

குறைந்ததா, மாறியதா என்பதை அறியப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. துடைப்பமும் குறிப்பேடும் போதும். முறையை விளக்கக் கற்பனையாக ஒரு பஸ் நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் நான்கு இடங்களை வகுத்துக்கொள்ள வேண்டும். அவை நிழற்குடையின் உட்புறம், அதைச் சுற்றிப் பதினைந்து மீட்டர், டீக்கடை வாசல், சற்றுத் தள்ளியுள்ள மரத்தடி ஆகும். தடைக்கு முன் ஒரு வாரம், சந்தை நாள் உட்பட, ஏழு நாளும் ஒரே வேளையில் துப்புரவுப் பணியாளர் நான்கு இடங்களையும் தனித்தனியே பெருக்கி, துண்டுகளை எண்ணிக் குறிக்கட்டும். பீடித் துண்டும் சிகரெட் துண்டும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி நிழற்குடையில் 60, சுற்றுப்புறத்தில் 20, கடை வாசலில் 30, மரத்தடியில் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120.

பலகை வைத்து, காவலும் செய்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு வாரம் எண்ணுகிறோம். இப்போது நிழற்குடையில் 10, சுற்றுப்புறத்தில் 40, கடை வாசலில் 50, மரத்தடியில் 14; மொத்தம் 114. நிழற்குடையை மட்டும் பார்ப்பவர் “60 போய் 10 ஆயிற்று, தடை வெற்றி” என்பார். நான்கையும் பார்ப்பவர் வேறு கூறுவார். நிழற்குடையில் குறைந்த 50 இல் 44 வெளியே நகர்ந்தன. 6 மட்டுமே மறைந்தன. அந்த 44 இலும் 20 கடை வாசலுக்குப் போயின. அங்குப் பிள்ளைகள் நிற்பார்களாயின், அடுத்துச் செய்ய வேண்டியது கடை வாசலில் தொங்கும் கயிற்றை அகற்றுவதாகும்.

இவ்வெண்ணிக்கை ஏமாற்றும் இடங்களும் உள்ளன. மழை நாளில் நிழற்குடைக்குள் கூட்டம் மிகும். துண்டுகள் அடித்துக்கொண்டும் போகும். அறுவடைக் காலத்தில் கூலியாட்கள் வரவால் கணக்கு ஏறும். ஆகவே, தடை போடாத பக்கத்து ஊர் நிறுத்தம் ஒன்றிலும் அதே வாரங்களில் எண்ணி ஒப்பிட வேண்டும். அங்கும் 120 என்பது 114 ஆகியிருந்தால், நம் ஊரில் மறைந்த ஆறும் தடையால் மறைந்தவை அல்ல. வீட்டுக்குச் செல்லும் வழியில் பிடித்து எறியும் துண்டுகள் எந்தக் கணக்கிலும் வாரா. அதற்குக் கடைக்காரரிடம் வாரத்தில் எத்தனை கட்டுப் பீடி விற்றது என்று கேட்டு அறியலாம். துண்டுகள் குறைந்தும் விற்பனை குறையாதிருந்தால், நாம் எண்ணாத ஐந்தாவது இடம் ஒன்று இருக்கிறது என்று கொள்க. அது வீடாகவும் இருக்கக் கூடும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கது

மேற்கூறியவற்றால் பஸ் நிறுத்தத் தடை தனித்து நின்றால் பெரும்பாலும் புகையை நகர்த்தும் என்றும், ஆஸ்பத்திரியும் வேலைத்தலமும் போல நீண்ட நேரத்தை உள்ளடக்கும் தடையே புகையைக் குறைக்கும் என்றும் கண்டோம். எனவே, நிழற்குடையோடு அதனருகே உள்ள கடைகளையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவருவது நலம். பஞ்சாயத்துக்குச் சொந்தமான கடைகளை ஏலம் விடும்போதே, வாசலில் நெருப்புக் கயிறு கட்டலாகாது என்று நிபந்தனை சேர்க்கலாம். எல்லையைத் தரையில் சுண்ணாம்புக் கோடாக இட்டுவிட்டால் வாதத்துக்கு இடமிராது. புகை நகர்ந்தே தீரும் என்றால், காற்று வாக்குக்கு மாறாக, பிள்ளைகளும் நோயாளிகளும் செல்லாத பக்கத்திற்கு நகரும்படி எல்லையை வகுப்பது அறிவுடைமை.

தவிப்பு மிகுந்தவர் கோட்டைக் கண்டு நின்றுவிட மாட்டார். விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசி வழியே ஆலோசனை கிடைக்கிறது. இவ்வெண்ணை அபராதத் தொகையின் கீழே அதே பலகையில் எழுதி வைக்கலாம். அடுத்த எண்ணிக்கையில் நான்கு இடங்களின் கூட்டுத்தொகையும் கடைக்காரரின் விற்பனையும் சேர்ந்து இறங்கினால், அப்போது நம் ஊரில் புகை குறைந்தது என்று கூட்டத்தில் எழுந்து கூறலாம்.